‘18 முதல் 45 வயதுப் பெண்கள்’ என்றால் அது யார்? மாணவர் ஸ்டார்ட்அப்கள் சறுக்கும் இரண்டு பக்கங்கள்

கல்லூரிகளில் நடக்கும் ஸ்டார்ட்அப் போட்டிகளின் விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் யார்? அவர் ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்? முதல் கேள்விக்கான விடையை ‘கஸ்டமர் பெர்சோனா’ என்கிறார்கள். தமிழில் வாடிக்கையாளர் சித்திரம் எனலாம். இரண்டாவது ‘வேல்யூ ப்ரொப்போசிஷன்’. இன்னாருக்கு, இந்தச் சிக்கலில், இந்தப் பலனைத் தருகிறோம் என்று சொல்லும் ஒன்றிரண்டு வரிதான் அது.

பெரும்பாலான குழுக்கள் இந்த இரண்டையும் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதுகின்றன. ஆப் எப்படி இருக்கும், என்ன சென்சார், எந்தக் கிளவுட் என்பதற்கெல்லாம் பத்து ஸ்லைடு இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு வரி: ‘18 முதல் 45 வயது வரையிலான நகர்ப்புறப் பெண்கள்’. பலனுக்கு இன்னொரு வரி: ‘எளிமையான, வேகமான, மலிவான தீர்வு’. இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இதை வைத்து எந்த முடிவையும் எடுக்க முடியாது. ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்து, யாருமே தொடாத ஆப் ஒன்று கையில் மிஞ்சுவதற்குப் பல நேரம் இந்த இரண்டு வரிகளே காரணம்.

ரப்பர் மாதிரி இழுபடும் ‘யூசர்’

பெர்சோனா என்ற உத்தியைப் பரவலாக்கியவர் அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். 1990-களின் இறுதியில் வெளிவந்த தன் புத்தகத்தில் அவர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ‘யூசர்’ என்ற சொல் ரப்பர் மாதிரி இழுபடும். புரோகிராமருக்குக் கஷ்டமான வசதியை வைக்க மனமில்லை என்றால், ‘யூசருக்கு இதெல்லாம் தெரியும், அவரே பார்த்துக்குவார்’ என்பார். வைக்க ஆசைப்பட்டால், ‘யூசருக்கு இது கட்டாயம் தேவை’ என்பார். இரண்டு இடத்திலும் அதே யூசர்தான். பெயரும் வேலையும் பழக்கமும் உள்ள ஒரு குறிப்பிட்ட ஆளை முன்னால் நிறுத்திவிட்டால் அந்த இழுவை நின்றுவிடும் என்பதுதான் அவர் யோசனை.

அதாவது, அந்தப் பெயரும் படமும் அலங்காரத்துக்கு இல்லை. குழுவுக்குள் சண்டை வரும்போது தீர்ப்பு சொல்வதற்குத்தான் அந்த ஆள். இது மறந்துபோனால் பெர்சோனா வெறும் பயோடேட்டா ஆகிவிடும்.

ஒரு தையல் ஆப்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் குழுவைப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு படிக்கும் நான்கு பேர். அவர்களின் ஐடியா, பிளவுஸ் தைக்க வீட்டிலிருந்தே டெய்லரை புக் செய்யும் ஆப். குழுவில் ஒருவருடைய அம்மா, டெய்லர் சொன்ன தேதிக்குத் தரவில்லை என்று அடிக்கடி புலம்புகிறார். ஐடியா அங்கிருந்துதான் பிறந்தது. தவறில்லை, நிறைய நல்ல ஐடியாக்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

அவர்கள் எழுதிய முதல் சித்திரம் இப்படி இருக்கிறது: ‘பிரியா, வயது 28, ஐடி ஊழியர், மாதச் சம்பளம் 45,000 ரூபாய். ஃபேஷனில் ஆர்வம் உள்ளவர். இன்ஸ்டாகிராம் பார்ப்பார். காபி பிடிக்கும். நேரமின்மை இவருடைய முக்கியப் பிரச்சினை.’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு வரியையும் தலைகீழாக மாற்றிப் பார்க்க வேண்டும். பிரியாவுக்குக் காபிக்குப் பதில் டீ பிடிக்கும் என்றால் ஆப்பில் எதாவது மாறுமா? மாறாது. வயது 28-க்குப் பதில் 38? அப்போதும் பெரிதாக எதுவும் மாறாது. எதை மாற்றினாலும் தயாரிப்பு மாறவில்லை என்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை. ‘நேரமின்மை’ இன்னும் மோசம். நேரம் போதவில்லை என்று சொல்லாதவர் யார்?

இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. புக் செய்பவர் பிரியா, தைப்பவர் வேறு ஒருவர். பிளவுஸ் தாமதமாவது பிரியாவின் வேதனை. ஆனால் தாமதம் உண்டாகும் இடம் டெய்லரின் மெஷின். பிரியாவுக்காக எவ்வளவு அழகாக ஆப் செய்தாலும், அந்தப் பக்கம் ஏற்கெனவே மலைபோல் துணி குவிந்திருக்கும் ஒருவருக்கு இன்னும் நாலு ஆர்டர் தள்ளுவதைத் தவிர அது ஒன்றும் செய்யாது. பயன்படுத்துபவர், பணம் கொடுப்பவர், வேதனைப்படுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆளா என்பதைப் பார்க்காமல் எழுதும் சித்திரங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன.

‘நல்ல ஐடியா தம்பி’ என்றால் நம்பலாமா?

சித்திரத்துக்கான வரிகள் பேச்சிலிருந்து வர வேண்டும். ஆனால் மாணவர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி, ‘அக்கா, இப்படி ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா?’ என்பது. முகத்துக்கு நேரே கேட்கும் பிள்ளைகளிடம் யார் மாட்டேன் என்று சொல்வார்கள்? ‘நல்ல ஐடியா தம்பி, கண்டிப்பா பண்ணுவேன்’ என்று பதில் வரும். கையோடு ஒரு டீயும் வரும். குழு அதை ‘92 சதவீத வரவேற்பு’ என்று ஸ்லைடில் போட்டுவிடும்.

ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் 2013-ல் இதற்கென்றே ‘தி மாம் டெஸ்ட்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். பெற்ற தாய்கூட நம் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்வார், ஆகவே அவர்கூடப் பொய் சொல்ல முடியாதபடி கேள்வி கேளுங்கள் என்பது அதன் சாரம். நடைமுறையில் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் போதும். ஐடியாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. வருங்காலத்தைப் பற்றிக் கேட்காமல், கடைசியாக நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நம் குழு வீட்டில் வைத்துத் தைக்கும் டெய்லர் ஒருவரிடம் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு இப்படிப் போகலாம்.

‘அக்கா, கடைசியா எப்போ சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமப் போச்சு?’

‘வைகாசியில. ஒரே ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். பூரா ஊரும் அன்னிக்கே கேட்டுச்சு.’

‘எத்தனை பிளவுஸ் ஒத்துக்கிட்டிருந்தீங்க?’

‘அதைத்தான் பாப்பா அன்னிக்கு எண்ணல. வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டினப்பதான் தெரிஞ்சுது, இருபத்தாறு.’

‘அப்புறம் என்ன பண்ணீங்க?’

‘பக்கத்துத் தெரு அக்காகிட்ட எட்டு உருப்படி கொடுத்தேன். அவசரம்னு தெரிஞ்சதும் பீஸுக்கு 250 வாங்கிட்டாங்க. ஒண்ணுல கை சரியா வரல, அதுக்குக் கூலியே வாங்கல.’

இந்த ஐந்து நிமிடப் பேச்சில் பிரியாவின் காபியைவிட எத்தனையோ மடங்கு விஷயம் இருக்கிறது. அவர் ஒரு நாளைக்கு மூன்று லைனிங் பிளவுஸ் தைப்பார். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18. ஒத்துக்கொண்டது 26. மிஞ்சிய எட்டும் வெளியே போயின. அவர் வாங்கும் கூலி 350 ரூபாய் என்றால், வெளியே கொடுத்த ஒவ்வொன்றிலும் கைக்கு நின்றது 100 மட்டுமே. கூலி வாங்காமல் விட்டதில் அந்த நூறும் இல்லை, மேலே 250 ரூபாய் கைக்காசும் போனது. பணத்தைவிட, அந்தப் பிளவுஸ்காரர் இனி வருவாரா என்ற கவலை வேறு.

இங்கே கவனிக்க வேண்டியது நோட்டு. அவரிடம் கணக்கு இல்லாமல் இல்லை. துணி வந்த தேதி வரிசையில் எழுதுகிறார். மே 3 வந்த துணி ஒரு பக்கம், மே 9 வந்தது வேறு பக்கம். கொடுக்க வேண்டிய தேதி அந்தந்த வரியின் ஓரத்தில் இருக்கும். ஆகவே ‘இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மொத்தம் எத்தனை?’ என்ற கேள்விக்கு, எல்லாப் பக்கத்தையும் புரட்டி எண்ணினால்தான் விடை. வாசலில் ஒருவர் துணியோடு நிற்கும்போது யாரும் அப்படி எண்ண மாட்டார்கள். ‘சரிக்கா, சனிக்கிழமை வாங்க’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனமும் இல்லை, ஆப் இல்லாததும் இல்லை. நோட்டு வேறு வரிசையில் இருக்கிறது, அவ்வளவுதான். அறையில் உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒருவர் சொன்னதை வைத்துச் சித்திரம் வரையவும் கூடாது. ஒரே வகை ஆட்கள் ஐந்தாறு பேரிடமாவது பேச வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே, அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஆர்டர் மேலாண்மைச் சிக்கல்’ என்று எழுதிவிட்டால் நோட்டும் ஞாயிற்றுக்கிழமையும் காணாமல் போய்விடும். ஆறாவது, ஏழாவது ஆளிடம் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் ஒரு வடிவம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஆறு பேரும் ஆறு கதை சொன்னால், இன்னும் சரியான ஆள்கூட்டத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

திருத்திய சித்திரம்

இப்போது எழுதினால் பிரியா போய், அந்த இடத்தில் ‘செல்வி அக்கா’ வருவார். இவரும் கற்பனைப் பெயர்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் உண்மையில் சொன்னதாக இருக்க வேண்டும்.

‘செல்வி அக்கா, சிறு நகரம் ஒன்றில் வீட்டு முன்னறையில் தனியாகத் தைக்கிறார். மாஸ்டர், உதவியாள் கிடையாது. கொக்கி வைக்க மட்டும் மகள் உதவுவார். நாளைக்கு மூன்று லைனிங் பிளவுஸ், ஆரி ஒர்க் வந்தால் அதுவும் குறையும். வருபவர்கள் அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், டேப் பிடிப்பது அபூர்வம். ஆர்டர்களை வந்த தேதிப்படி நோட்டில் எழுதுகிறார். மூன்று முகூர்த்தம் உள்ள மாதத்தில் இரவு 12 மணி வரை மெஷின் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது. வாட்ஸ்அப்பில் டிசைன் படம் வாங்குவார், வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், டைப் அடிக்கப் பிடிக்காது. வந்தவரிடம் முடியாது என்று சொல்லத் தயங்குவார், “இன்னிக்கு வேண்டாம்னா அடுத்த தடவை வர மாட்டாங்க” என்பார்.’

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு முடிவைத் தீர்மானிக்கிறது. டைப் அடிக்கப் பிடிக்காது என்பதால் நீளமான படிவம் கூடாது. தேதியும் எண்ணிக்கையும் தொட்டால் போதும் என்றிருக்க வேண்டும். ஆடியில் வேலை இல்லை என்பதால் மாதச் சந்தா எடுபடாது. உதவியாள் இல்லை என்பதால் ‘ஊழியர் மேலாண்மை’ வசதியைத் தூக்கிவிடலாம்.

யார் நம் வாடிக்கையாளர் இல்லை என்பதையும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. கட்டிங் மாஸ்டரும் நாலு மெஷினும் உள்ள கடை இந்தச் சித்திரத்துக்குள் வராது. அங்கே யாருக்கு எந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் தலைவலி. அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்போதுதான் ரப்பர் மறுபடி இழுபட ஆரம்பிக்கும்.

அந்த ஒற்றை வாக்கியம்

பலனைச் சொல்லும் வாக்கியத்துக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அச்சு ஒன்று உண்டு. ஜெஃப்ரி மூர் 1991-ல் வெளியிட்ட ‘கிராஸிங் தி கேஸம்’ புத்தகத்தில் வந்தது. யாருக்கு, அவருக்கு என்ன தேவை, நம் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது, முக்கியப் பலன் என்ன, இப்போது அவர் பயன்படுத்தும் மாற்றுவழியிலிருந்து நாம் எப்படி வேறுபடுகிறோம் என்ற வரிசையில் அது போகும். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தமிழில் அப்படியே அடுக்கினால் வினைச்சொல் வருவதற்குள் கேட்பவர் தூங்கிவிடுவார். இரண்டு, மூன்று வாக்கியமாக உடைத்துக்கொள்வதே நல்லது.

குழுவின் முதல் முயற்சி: ‘டெய்லர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையே பாலமாக இருந்து, நேரத்தைச் சேமித்து, வருமானத்தைப் பெருக்கி, அனுபவத்தை மேம்படுத்தும் ஸ்மார்ட் தளம்.’ இதில் ‘டெய்லர்’ என்பதை எடுத்துவிட்டு ‘பிளம்பர்’ என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதுதான் கோளாறு.

இரண்டாவது முயற்சி: ‘தனியாகத் தைக்கும் பெண் டெய்லர்களுக்கான ஆர்டர் காலண்டர். அளவுக்கு மீறி ஆர்டர் வரும்போது மறுத்துவிட உதவுகிறது. மற்ற டெய்லர் ஆப்களைவிட எளிமையானது.’ முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு இடத்தில் செல்வி அக்காவுக்கு ஒட்டவில்லை. அவர் மறுக்க விரும்பவே இல்லை, அது அவர் சித்திரத்திலேயே இருக்கிறது. அடுத்து, அவர் இன்னொரு ஆப்பைப் பயன்படுத்தவும் இல்லை. குழுவின் போட்டியாளர் அந்த நோட்டு. ‘அறுபது ரூபாய் நோட்டு ஆறு மாசம் வருது’ என்பார். மாதம் பத்து ரூபாய். சார்ஜ் போட வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது. இந்தப் போட்டியாளரை வாக்கியத்தில் எழுதாத குழு, தன் ஆப்பின் விலையைப் பற்றி ஒழுங்காக யோசிக்கவே முடியாது.

மூன்றாவது முயற்சி: ‘வீட்டில் தனியாகத் தைக்கும் டெய்லர், துணியோடு ஒருவர் வாசலில் நிற்கும்போதே, அந்த முகூர்த்தத்துக்கு இன்னும் எத்தனை பிளவுஸ் ஏற்கலாம் என்று பார்க்க உதவும் காலண்டர் இது. வந்த தேதிப்படி எழுதும் நோட்டில் அந்தக் கணக்கு கடைசி இரண்டு நாளில்தான் தெரியும். இதில் வாரத் தொடக்கத்திலேயே தெரிவதால், வேறு தேதி பேசவோ, அவசரக் கூலி இல்லாமல் வெளியே கொடுக்கவோ நேரம் கிடைக்கும்.’

கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘ஸ்மார்ட்’ என்ற சொல் போய்விட்டது, ‘வருமானத்தைப் பெருக்கும்’ என்ற வாக்குறுதியும் போய்விட்டது. சொல்லியிருக்கும் எல்லாமே சரிபார்க்கக் கூடியவை. கடைசி நேரத்தில் எத்தனை பிளவுஸ் வெளியே போயின என்று இரண்டு முகூர்த்த வாரத்தை ஒப்பிட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

பலனும் வேதனையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க, அலெக்ஸாண்டர் ஆஸ்டர்வால்டர் குழுவினர் பிரபலப்படுத்திய ‘வேல்யூ ப்ரொப்போசிஷன் கேன்வாஸ்’ படத்தைக் கல்லூரிகளில் நிரப்பச் சொல்வார்கள். வலப்பக்க வட்டத்தில் வாடிக்கையாளரின் வேலைகள், வேதனைகள், ஆதாயங்கள். இடப்பக்கச் சதுரத்தில் நம் பொருள் அவற்றுக்கு என்ன செய்கிறது என்பது. பயனுள்ள படம்தான். ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் சதுரத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதற்கேற்ப வட்டத்தில் வேதனைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். சதுரத்தில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் நேர் எதிரே ஒரு வேதனை கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையில் பேசிவிட்டு வந்த குழுவின் வட்டத்தில், எதிரே எதுவுமே இல்லாத வேதனை இரண்டாவது இருக்கும். கரண்ட் போவதை இந்தக் காலண்டர் என்ன செய்ய முடியும்?

கோடு எழுதும் முன் ஒரு காகிதம்

வாக்கியம் சரியா என்பதைச் செல்வி அக்கா மாதிரியான ஒருவரிடமே படித்துக் காட்டலாம். பிறகு, ‘இது என்ன செய்யும்னு உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘எத்தனை பிளவுஸ் பாக்கின்னு காட்டுமாம்’ என்றால் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘ஏதோ தையலுக்கு ஆப்பாம்’ என்றால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. முகூர்த்த நாள் குறித்த ஒரு மாதக் காலண்டரை ஏ3 தாளில் அடித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் 18 சிறு கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். துணி வரும்போது, கொடுக்க வேண்டிய வாரத்தில் ஒரு கட்டத்தை அடித்தால் போதும். ஜெராக்ஸ் செலவு சில்லறைக் காசு. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

தாள் மெஷினுக்கு அடியில் கிடந்தால், அந்த வேதனை நாம் நினைத்த அளவுக்கு இல்லை. கட்டங்கள் நிரம்பி, ‘அடுத்த மாசத்துக்கும் ஒண்ணு கொடு தம்பி’ என்று கேட்டால் வேதனையும் பலனும் உண்மை. அந்தத் தாளுக்கு 20 ரூபாய் கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தால், அது நூறு ‘நல்ல ஐடியா’வைவிடப் பெரிய சாட்சி.

மூன்றாவது, கொஞ்சம் சங்கடமான விடை. தாள் நன்றாக வேலை செய்கிறது, தாளே போதும் என்றாகிவிடலாம். அப்போது அந்த ஆப்புக்கு என்ன வேலை? தாளால் செய்ய முடியாதது எதுவென்று தேட வேண்டியிருக்கும். ஆரி ஒர்க் பிளவுஸ் ஒன்று மூன்று கட்டத்தை விழுங்குவதைத் தானாகக் கணக்கிடுவது, இடம் காலியாக உள்ள இன்னொரு டெய்லரைத் திங்கட்கிழமையே காட்டுவது என்று சில வழிகள் தென்படலாம். எதுவும் தென்படவில்லை என்றால், கட்டம் போட்ட நோட்டு விற்பதும் ஒரு தொழில்தான், போட்டி நடுவர்கள் அதை ரசிப்பார்களா என்பது வேறு விஷயம்.

எதுவானாலும் சித்திரமும் வாக்கியமும் அங்கே மறுபடி மாறும். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் தேதியையும், யாரிடம் பேசிய பிறகு மாற்றியது என்பதையும் ஒரு வரி குறித்து வைக்கும் குழுக்கள் உண்டு. ‘இதை எப்படிச் சொல்றீங்க?’ என்று நடுவர் கேட்கும்போது அவர்கள் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.